முட்டை இல்லாத மக்ரூன்

பேச்சிச்செல்வியின் மக்ரூன் கடை வலைப்பக்கத்தில் திடீரென்று பாராட்டுகள் குவிந்திருந்தன. அத்தனையும் தம்பி சுடலைராஜ் காசு கொடுத்து எழுதி வாங்கியவை. இருப்புக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் படித்தவள் ஒன்றில் நின்றாள்: 'முட்டையே சேர்க்காத சுத்த சைவ மக்ரூன்!'

"ஏலே, வெள்ளைக்கரு இல்லாம மக்ரூன் ஏதுலே? தின்னு பாக்காதவன் எழுதுனா இப்படித்தான்!"

"அதப் பாத்துட்டுத்தான்க்கா ஸ்ரீவைகுண்டத்து பத்மஸ்ரீ மாமி சீமந்தத்துக்குக் கேட்டுருக்காங்க."

உடனே மாமியை போனில் கூப்பிட்டாள். "மாமி, இதுல முட்டை உண்டு. அந்தப் பாராட்டு காசுக்கு எழுதுனது. இப்பவே எடுத்துருதோம்."

"நல்லவேளை சொன்னேள். மத்ததுல எதும்மா நிஜம்?"

முன்பு உண்மையாகவே வாங்கித் தின்றவர்கள் எழுதிய நாலு வரி அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தது. அதை நிஜமென்று பேச்சிச்செல்வி சொன்னாலும் மாமி இனி எப்படி நம்புவார்?