சமமான கற்கள்

வேலை போய் நொந்து கிடந்தவனுக்கு இந்த நேர்காணலை வாங்கித் தந்தவன், முன்பு அவனுக்குக் கீழே நிரல் எழுதிய சோடாபுட்டிதான். இப்போது மேலாளரின் பக்கத்தில், எதிரே உட்கார்ந்திருந்தான்.

நிரல் எழுதச் சொன்ன கேள்வி விண்கற்களைப் பற்றியது: வரிசையில் ஒவ்வோர் எண்ணும் ஒரு கல், எண்ணின் அளவே கல்லின் அளவு. நேர்எண் வலப்பக்கம் போகும், எதிர்எண் இடப்பக்கம். மோதினால் சிறியது அழியும். சமமானால் இரண்டும் அழியும்.

வலப்பக்கம் போகும் கற்களை அவன் நிரலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். இடப்பக்கம் வரும் கல், அடுக்கின் மேலிருந்து தன்னைவிடச் சிறியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனது. சமமான கல் எதிர்ப்பட்டால் மட்டும் தப்பு: அடுக்கிலிருந்தது அழிந்தது, வந்த கல் பிழைத்தது.

சோடாபுட்டி கனைத்தான். "அண்ணே, அஞ்சும் மைனஸ் அஞ்சும் வந்தா?"

அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். ஒரு வரி சேர்த்து ஓட்டினான். அடுக்கு காலி. சரியான விடை.

மேலாளர் திரையைப் பார்க்கவே இல்லை. "கேள்வி கேக்கச் சொன்னா டியூஷன் எடுக்கறியா? நல்லா இருக்குய்யா உங்க பாசம்!"

நேர்காணல் அத்தோடு முடிந்தது; கொஞ்ச நேரத்தில் இருவரும் லிஃப்டுக்கு முன்னால் நின்றார்கள். சோடாபுட்டியின் கழுத்தில் அடையாள அட்டை இல்லை. விடை சொல்லிக்கொடுத்ததற்கான விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"நீ சொல்லலைன்னாலும் எனக்கே தெரிஞ்சிருக்கும்டா," என்றான் அவன்.

அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.