அடுத்தவர் பதிவின் கீழே

கவிதாவுக்குத் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஒரகடம் பக்கம் காருக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு என்ஜினியராக இருந்தவள், அபி பிறந்ததும் வேலையை விட்டாள். ஒரு வருஷம் கழித்துப் போகலாம் என்று நினைத்தது நாலு வருஷமாக இழுத்துவிட்டது. ஐந்தைத் தாண்டினால் பயோடேட்டாவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்று பழைய கம்பெனித் தோழி யுவஸ்ரீ சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலைக்காரர்கள் கூடுகிற லிங்க்டின் தளத்தில் தினம் ஒரு பதிவு போட்டுப் பார்த்தாள். வேலை தேடுகிறேன் என்று ஒரு நாள், தரம் என்பது என்ன என்று ஒரு நாள், காலை வணக்கத்தோடு ஒரு பொன்மொழி ஒரு நாள். அவள் தொடர்புப் பட்டியலில் இருந்ததெல்லாம் காலேஜில் கூடப் படித்தவர்கள். அவர்கள் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போனார்கள். தவறாமல் லைக் போட்டது அவள் புருஷன் எழிலன் ஒருவன்தான். அவனும் சென்னை போகிற ரயிலில் ஒரு காலில் நின்றுகொண்டு, படிக்காமலே போடுவான். யாரும் தொடாத பதிவை அந்தத் தளமும் புது ஆட்களுக்குக் காட்டுவதில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த மாதிரிதான் ஆயிற்று அவள் பிழைப்பு.

யுவஸ்ரீதான் போனில் திட்டினாள். "உன் வூட்டுக்குள்ள நின்னு பேசினா யாருக்குடி கேக்கும்? கூட்டம் கூடுற எடத்துல போய்ப் பேசு. உன் தொழில் பத்திப் பெரிய ஆளுங்க எழுதுறாங்க இல்ல, அதுக்குக் கீழ எழுது. சூப்பர் சார்னு மட்டும் எழுதாத. அத எல்லாரும்தான் எழுதறாங்க."

அந்த வாரமே சிவப்பிரகாசம் என்ற தொழிற்சாலைத் தலைவரின் பதிவு கண்ணில் பட்டது. மழைக்காலம் வந்தால் நைலான் பாகங்களில் வெள்ளிக் கோடு விழுகிறது, உலர்த்தும் மெஷின் சரியாக இருந்தும் தீரவில்லை என்று எழுதியிருந்தார். கீழே அவருடைய ஆட்கள் வரிசையில் நின்று அருமை சார், சிறப்பு சார் என்று கும்பிடு போட்டிருந்தார்கள். கவிதா யோசித்து எழுதினாள். உலர்த்திய பிறகு நைலான் குருணை, மெஷின் மேலே உள்ள தொட்டியில் எவ்வளவு நேரம் கிடக்கிறது? எங்கள் கம்பெனியில் தொட்டியின் மூடி திறந்து கிடந்ததால், உலர்ந்த நைலான் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்துவிட்டது. மெஷின் நின்று கிளம்பும் நேரங்களில் கோடு கூடுகிறதா என்று பார்த்தீர்களா?

அவரே பதில் எழுதினார், பார்க்கிறேன் என்று. ஓசூரிலிருந்து ஒருவர் எங்களுக்கும் இதே தொல்லை என்றார். புனேக்காரர் ஒருவர் அதை மறுத்தார், கவிதா மரியாதையாகத் திருப்பிக் கேட்டாள். பேச்சு நீள நீள, அந்தப் பதிவு யார் யார் கண்ணுக்கோ போயிற்று. கூடவே அவள் பேரும், பேருக்குக் கீழே இருந்த தரக்கட்டுப்பாட்டு என்ஜினியர் என்ற வரியும் போயின. பேரைத் தட்டி அவள் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, மாசக்கணக்கில் பதிவு போட்டும் வராத அளவுக்கு ஒரே வாரத்தில் வந்தது. சொந்தப் பதிவைக் குறைத்துக்கொண்டாள். அபி தூங்கும் நேரத்தில் நாலைந்து பேருடைய பதிவை முழுசாகப் படித்து, தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினாள். முன்பின் தெரியாதவர்கள் அவளைத் தேடி வந்து தொடர்பு கேட்டார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு தன் பேரைத் தானே நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் சிவப்பிரகாசம் செய்தி அனுப்பினார். புதன்கிழமை காலை போனில் பேசலாமா?

இதை எழிலனிடம் சொன்னது மாமியார் பாஞ்சாலியின் காதில் விழுந்தது. பாஞ்சாலிக்கு லிங்க்டின் தெரியாது, கம்பெனிக்காரன் கூப்பிடுகிறான் என்பது தெரியும். அவள் காலத்தில் நடவுக்கு ஆள் கூப்பிட்டால் அது வேலை. கூப்பிட்டுவிட்டு யோசிக்கிற வழக்கமெல்லாம் அவள் அறிந்ததில்லை. புதன்கிழமை கிருத்திகை. விடியும் முன்பே மலைக்கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். சாமி கும்பிடத்தான் போகிறாள் என்று கவிதா நினைத்துக்கொண்டாள்.

ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மாடியில் தண்ணித் தொட்டி ஓரமாக நின்று பேசினாள். சிவப்பிரகாசம் நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார். தொட்டிக்கு மூடி போட்டதில் கோடு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்றார். வேலையைப் பற்றி அவளாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இப்ப ஆள் எடுக்கலம்மா. நீங்க வேலைய விட்ட கேப் வேற பெருசா இருக்கு, எச்.ஆர். ஒத்துக்க மாட்டாங்க," என்றார். "நான் வேற ஒண்ணு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன். ரெண்டு வருஷமா நானும் பதிவு போடுறேன், நீங்க வந்து பேசின பிறகுதான் வெளியாளுங்க எட்டிப் பார்த்தாங்க. மத்தவங்க பதிவுல நீங்க எழுதுறீங்களே, அத என் பேர்ல எழுதிக் குடுங்க. மாசாமாசம் ஏதாவது அனுப்பிடறேன். ஆனா உங்க பேர்ல எழுதறத நிறுத்திக்கணும். ரெண்டும் ஒரே கையின்னு கண்டுபிடிச்சிருவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் சார் என்று போனை வைத்தாள். யோசிக்க ஒன்றுமில்லை, முடியாது என்றுதான் மனசில் இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வாசலில் பாஞ்சாலி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை மழமழவென்று மழித்திருந்தது, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இடுப்பு வரைக்கும் இருந்த கூந்தல். கல்யாணத்துக்குப் போனால் ஜனங்கள் தொட்டுப் பார்ப்பார்கள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"உனக்கு வேல வந்தா முடி குடுக்கறேன்னு வேண்டிகினு இருந்தேன்," என்றாள். "அதான் கூப்ட்டாங்களே. சாமி கடன நாளைக்கு, நாளன்னிக்குன்னு வச்சிகினு இருக்கக் கூடாது. மலையில பாத்தவங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். வேலதானே?"

கவிதா அந்தத் தலையைப் பார்த்தாள். காதுக்கு மேலே கத்தி பட்ட இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

"ஆங் அத்தை," என்றாள். "வேலதான். வூட்டுலருந்தே செய்யலாம்."

மாடிக்குத் திரும்பப் போய், சரி சார் என்று செய்தி அனுப்பினாள். அன்று சாயங்காலம், அவர் பேரில் நேரடியாகவே எழுத, சிவப்பிரகாசத்தின் லிங்க்டின் கடவுச்சொல் வந்தது. அதன் பிறகு அவர் பேர் ஏறியது. கருத்தரங்குகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள், யார் பதிவிலும் அவர் வாய் திறந்தால் கூட்டம் கூடியது. கவிதாவின் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். ஏன்டி நிறுத்திட்டே, ஓசூர்க்காரர் உன்னைப் பற்றி விசாரித்தாரே என்று யுவஸ்ரீ கேட்டாள். அபிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாள். ஐந்தாவது வருஷமும் வந்து போனது, சத்தமே இல்லாமல்.

ஒரு நாள், பிள்ளை பெற்று வேலையை விட்ட ஒரு பெண் எழுதியிருந்தாள். தினம் பதிவு போடுகிறேன், ஒருவரும் பார்ப்பதில்லை, இனிமேல் திரும்ப முடியுமா? கவிதா அதை இரண்டு முறை படித்தாள். நீளமாக எழுதினாள். உங்கள் வீட்டுக்குள் நின்று பேசாதீர்கள், உங்கள் தொழில்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போங்கள், தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததைக் கேளுங்கள், உங்கள் பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று எழுதினாள். நூற்றுக்கணக்கில் லைக் விழுந்தது.

கீழே கூடத்தில் பாஞ்சாலி, நரைத்து முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டே, ஒங்கம்மா ஆபீஸ் வேலையில இருக்கா, சத்தம் போடாத என்று அபியை அதட்டினாள்.

அந்தப் பெண்ணின் பதில் வந்தது. எங்கள் கஷ்டம் புரிந்த ஒருவராவது இருக்கிறீர்களே, அழுதுவிட்டேன், மிக்க நன்றி சார்.

கவிதா அதற்கு ஒரு லைக் போட்டாள். அதுவும் அவர் பேரில்தான் விழுந்தது.