இழப்பீடும் வேண்டும்

"உங்கள் சர்வர் அடிக்கடி விழுந்ததால் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு தர வேண்டும். ஏன் விழுந்தது என்பதற்கு எழுத்தில் விளக்கமும் வேண்டும்."

கடிதத்தின் முதல் வரிகளே இவைதான். விளக்கம் கேள், வேண்டுமானால் வருத்தமாக நாலு வார்த்தை எழுது, இழப்பீடு என்று மட்டும் வாயைத் திறக்காதே என்று எங்கள் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா நாகப்பன் கிராணி சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல், நான் தட்டச்சு செய்யும்போது முதுகுக்குப் பின்னால் வந்து வேறு நின்றார். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் எழுதி அனுப்பினேன்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். நாங்கள் அதில் வேலை செய்கிறோம், அவ்வளவுதான். நான் படித்துவிட்டு வந்து தோட்ட ஆபீஸில் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தளத்தில் தேயிலை விற்கிறோம், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க நுழைவுச்சீட்டும் விற்கிறோம். என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கேட்டால் கிராணி, "படிச்ச புள்ள, ஆனா வாய்தான் நீளம்" என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதக் கடைசியில் தோட்டத்து மேனேஜரான துரை கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கிராணி எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரே ஒரு குறைதான் இருந்தது: என் பொறுப்பில் தளம் அடிக்கடி நின்றுபோகிறதாம்.

நின்றது உண்மை. பள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு என்று கார்கள் தாப்பா ரோட்டில் வரிசை கட்டும் நாளாகப் பார்த்து நிற்கும். ஆன்லைனில் பணம் கட்டினால், வாங்கிக்கொண்ட பேமென்ட் கம்பெனி "பணம் வந்துவிட்டது" என்று எங்கள் தளத்துக்குச் சேதி அனுப்பும். தளம் படுத்திருந்தால் அந்தச் சேதி போய்ச் சேராது. பணம் போயிருக்கும், சீட்டு வந்திருக்காது. அந்த ஆள் பிள்ளைகுட்டிகளோடு மலையேறி வந்து, கவுண்டரில் இருக்கும் சீதாவைப் பார்த்துத் திருடி என்று கத்துவான். சீதா என்னைப் பார்த்துக் கத்துவாள். நான் கிராணியிடம் போவேன்.

கிராணி போனை எடுப்பார்.

"ரொனால்ட், ஐயா பேசுறேன். இங்க மறுபடி படுத்துருச்சுப்பா. பாத்து வுடு."

அவ்வளவுதான். ஒரு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ கழித்துத் தளம் எழுந்துகொள்ளும். ரொனால்ட் ஈப்போவில் ஹோஸ்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். மற்றவர்களின் வலைத்தளங்களைத் தன் சர்வரில் வைத்து ஓட்டுவதுதான் தொழில். எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவரைத் துரையிடம் கூட்டிப்போய் நிறுத்தி, இந்தக் காண்டிராக்டை வாங்கிக் கொடுத்தது கிராணி.

அந்தக் கம்பெனிக்குப் புகார்ப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் எழுதினால் டிக்கெட் எண் வரும், தேதியும் நேரமும் பதிவாகும். அதில் போடட்டுமா என்று முதல் மாதமே கேட்டேன்.

"வெளியாளுக்குத்தாம்மா டிக்கெட்டு. நம்ம புள்ளைக்குப் போன் போட்டா போதும்" என்றார் கிராணி.

தோட்டத்தில் எல்லாம் இப்படித்தான். கூரை ஒழுகினாலும் தண்ணீர் வராவிட்டாலும் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் இன்னாரிடம்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் சண்டைக்கு வந்ததாக அர்த்தம்.

எழுதினேன். அதற்கு முன்னால், வெளியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளம் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சேவை ஒன்றில் எங்கள் தளத்தைச் சேர்த்து வைத்தேன். எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று அதுவே குறித்துக்கொள்ளும். அந்தப் பதிவையும், மாதத்தில் 99.9 சதவிகித நேரம் இயங்கும் என்று ரொனால்டின் ஒப்பந்தம் தந்திருந்த உத்தரவாதத்தையும் கடிதத்தோடு வைத்தேன். ஒவ்வொரு முறையும் என்ன காரணம், மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள், தளம் நின்றுபோன நேரத்துக்கு ஒப்பந்தப்படி கட்டணத்தில் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டேன். அர்ஜுனன் துரைக்கு ஒரு நகல். கிராணிக்கு இல்லை.

பதில் அழகான ஆங்கிலத்தில் வந்தது. ஒவ்வொரு தடங்கலுக்கும் ஏழு நாளுக்குள் டிக்கெட் போட்டிருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியுமாம். எங்களிடமிருந்து இதுவரை ஒரு டிக்கெட்டும் வரவில்லையாம். ஆகவே தடங்கல் எதுவும் தெரிவிக்கப்படவில்லையாம். எங்கள் பக்கம் பிளகின்களைச் சரியாகப் பராமரிக்காததே காரணமாக இருக்கலாமாம்.

பிளகின் என்பது தளத்தில் நாம் சேர்க்கும் கூடுதல் நிரல். சேர்ப்பது நான். அதாவது காரணம் நான்.

மறுநாள் காலையில் ரொனால்ட் நேரிலேயே மலையேறி வந்துவிட்டார். துரையின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் துரை. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள், கிராணிக்கு ஒன்று, ரொனால்டுக்கு ஒன்று. நான் நின்றேன்.

"என்ன தங்கச்சி, ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றார் ரொனால்ட். "இந்த ஆபீஸ் படியிலதான் நான் கோலி வெளையாண்டேன்."

"அது உங்க சர்வருக்குத் தெரியல மிஸ்டர் ரொனால்ட்."

"மிஸ்டர்லாம் எதுக்கு? அண்ணன்னு கூப்பிடு."

"பில்லு அனுப்புறப்ப அண்ணன்னு போடுறதில்லயே நீங்க."

கிராணி செருமினார். "வாய அளந்து பேசு விக்னேஸ்வரி."

துரை என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். "காம்பென்சேஷன் எதுக்கும்மா கேட்ட? பிரச்சன என்னன்னு மட்டும் கேட்டா அவங்க சொல்லப் போறாங்க."

"இவ்வளவு நாளா அதத்தான் சார் கேட்டோம். சொல்லல."

"சொல்லிட்டேனே" என்றார் ரொனால்ட். "உங்க பிளகின் சாப்புடுற மெமரிய எந்த சர்வரும் தாங்காது. நீங்க பண்ணுற அப்டேட்டுக்கு நான் என் கைக்காசுலேந்து டுயிட் குடுக்கணுமா?"

"ஒரு சனிக்கிழம எல்லா பிளகினையும் நிறுத்திட்டு, 'கவுண்டர்ல சீட்டு வாங்கிக்குங்க'ன்னு வெறும் ஒரு பக்கம் மட்டும் வச்சேன். அன்னிக்கும் விழுந்துச்சு. அத என்ன சாப்புட்டுச்சு?"

ரொனால்ட் துரையைப் பார்த்துச் சிரித்தார். "டெக்னிக்கல் சார் இதெல்லாம்."

"இன்னும் டெக்னிக்கலா சொல்லவா? அதே சர்வர்ல லெம்பா பெர்த்தாம் காய்கறிக் கடைக்காரரு சைட்டு இருக்கு, ரிங்லெட்ல ஒரு ஹோம்ஸ்டே சைட்டு இருக்கு, உங்க கம்பெனி சைட்டும் இருக்கு. எல்லாம் ஒரே ஐபி முகவரி. எல்லாத்தையும் சேத்துத்தான் தட்டிப் பாத்தேன். நாங்க விழுறப்ப எல்லாமே விழுது, எழுந்திரிக்கிறப்ப எல்லாமே எழுந்திரிக்குது. காய்கறிக் கடைக்கும் நான்தான் பிளகின் போட்டேனா?"

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு மிஷினில் எத்தனை பேரைத்தான் ஏற்றுவது என்று அவருக்கே தெரிந்திருக்கும். துரை முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

"அப்படியா ரொனால்ட்?"

"சார், லோடு கொஞ்சம் கூடுதல்தான். அடுத்த மாசம் புது சர்வருக்கு மாத்துறேன். ஆனா அக்ரிமெண்ட்ல இருக்கறதுதான் ரூல்ஸ். டிக்கெட் இல்லன்னா கிளெய்ம் இல்ல. ஒரு தடவயாவது ரிப்போர்ட் பண்ணிருந்தா நானே குடுத்திருப்பேன்."

எனக்குத் தேவையானதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். கிராணி பக்கம் திரும்பினேன்.

"ஐயா, ஒவ்வொரு தடவயும் நீங்கதான கூப்பிட்டீங்க. உங்க போன்லயே இருக்கும். துரைகிட்ட காட்டுங்க. டிக்கெட் போட வேணாம், போன் போதும்னு ரெண்டு பேரும் பேசி வச்சதுதான்னு சொல்லுங்க. அது போதும்."

கிராணியின் கை சட்டைப் பை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"நாகப்பன், நீங்க கூப்பிட்டீங்களா?" என்றார் துரை. "மாசா மாசம் வெப்சைட் ஓகேன்னுதான என்கிட்ட சொன்னீங்க, இவ குறிப்புல மட்டும் நிக்குதுன்னு எழுதிருக்கீங்க?"

கிராணி ரொனால்டைப் பார்த்தார். ரொனால்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ரெண்டு தடவ பேசியிருப்பேன் சார். சும்மா நலம் விசாரிச்சது. வெப்சைட்டு பத்தி இந்தப் புள்ள என்கிட்ட சொன்னதா ஞாபகம் இல்ல."

எத்தனை சனிக்கிழமைகள் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். சீதாவையும் ஒருமுறை அழைத்துப் போனேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்த மனிதர். அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். பிறகு நடந்ததையெல்லாம் யாருக்கோ நடப்பதுபோல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். முன்கூட்டியே தயாராக இருந்தது. புகாரை வாபஸ் வாங்குகிறேன், தடங்கல்களுக்கு எங்கள் தரப்புப் பராமரிப்புதான் காரணம் என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"யாரு சரி யாரு தப்புன்னு நான் பாக்கல" என்றார் துரை. "கேஸு, வம்பு எனக்கு வேணாம். ரொனால்ட் புது சர்வர் தரேங்கறாரு. நீ இதுல சைன் பண்ணு. மத்தியானமே உன் கன்ஃபர்மேஷன்ல நான் சைன் பண்ணுறேன்."

"புது சர்வர் வரைக்கும் கவுண்டர்ல சீதா வாங்குற ஏச்சு?"

"அது கஸ்டமர் சர்வீஸ்லா" என்றார் ரொனால்ட்.

தாளை எடுத்துப் படித்தேன். முழுசாகப் படித்தேன், அவசரமே படவில்லை.

"இதுல என் பேரு ஒண்ணுதான் சார் சரியா இருக்கு."

"யோசிச்சுப் பேசு" என்றார் கிராணி. குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு நல்லது சொல்வது மாதிரி. "உங்கம்மா இன்னும் நம்ம பேக்கிங்லதான இருக்கு. வீடும் கம்பெனி வீடு."

"இருக்காங்க ஐயா. பாக்கெட்டு பிஞ்சுருந்தா பிஞ்சுருக்குன்னு அன்னிக்கே சொல்லிருவாங்க. மாசக் கடைசியில எல்லாம் ஓகேன்னு சொல்ல மாட்டாங்க. அவங்கள இதுல இழுத்தீங்கன்னா, அதையும் எழுத்துல குடுங்க."

துரை, "நாகப்பன், அத விடுங்க" என்றார். என்னிடம், "சைன் பண்ணலன்னா கன்ஃபர்ம் பண்ண முடியாது, தெரியும்ல" என்றார்.

"தெரியும் சார். கன்ஃபர்ம் பண்ண வேணாம். வேலைய விடுறேன். நோட்டீஸ் ரெண்டு வாரம், இன்னிக்கே ஈமெயில்ல வரும். பாஸ்வேர்டு, பேக்கப் எல்லாம் அதுலயே குடுத்துருவேன். போன வாரம் விழுந்ததுக்கு நேத்து ராத்திரி டிக்கெட் போட்டிருக்கேன், ஏழு நாள் இன்னும் முடியல. அந்த இழப்பீடாவது கேட்டு வாங்குங்க. வேணாம்னா நீங்களே க்ளோஸ் பண்ணிக்குங்க, உங்க பேருல."

"என்னா திமிரு பாருங்க சார்" என்றார் ரொனால்ட். "வெளிய போயி எங்க வேல தேடுவ? இந்த மலையில எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்."

"உங்க சர்வர்ல எங்களோட சேந்து விழுறாங்களே, அந்தக் கடைக்காரங்க கூடவா?"



தாளைக் கையெழுத்தில்லாமலே மேசையில், துரையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. கிராணியின் நாற்காலி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. "தள்ளுங்க ஐயா" என்றேன். தள்ளினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.