இரண்டு மணி நேரம், ஒரு பக்கம்

அண்ணியும் நானும் நர்சிங் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்யாணம், குழந்தை என்று பாதியில் விட்ட படிப்பை அவர் மறுபடி பிடித்துக்கொண்டு வந்தவர். உடலியல் பேப்பரில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் முழு வருடத்தையும் திரும்பப் படிக்க வேண்டும்.

சிறுநீரகப் பாடம் நடந்த அன்று குழந்தைக்குக் காய்ச்சல். அண்ணி வரவில்லை. சாரின் இரண்டு மணி நேரப் பேச்சை நான் போனில் பதிவு செய்திருந்தேன். அதைக் கேட்க அவருக்கு ஏது நேரம்?

"ஒரே பக்கத்துல தர்றேன் அண்ணி," என்றேன். இதில் நான் புலி. வேகத்தைக் கூட்டி ஓடவிடுவேன். சார் சொந்தக் கதை ஆரம்பித்தால் தாண்டிவிடுவேன். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றதும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம்தானே.

அண்ணி துணி மடித்துக்கொண்டே என் பக்கத்தைப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"சிறுநீரகத்துல இறங்குற குழாய்ல உப்பு வெளிய போகும், ஏறுற குழாய்ல தண்ணி வெளிய போகும்னு எழுதியிருக்க. கீழ போகப் போக உள்ள இருக்கறது கெட்டியாகும்னும் எழுதியிருக்க. உப்பு போனா எப்படி கெட்டியாகும்? அடுப்புல தண்ணி வத்தினாத்தானே உப்பு கரிக்கும்?"

"சார் சொன்னதைத்தான் எழுதினேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"முழுசாக் கேட்டியா?"

போனை எடுத்தேன். நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டோம். நாற்காலிகள் கரகரத்தன; அப்போது நானும் பையை அடுக்குவதில் மும்முரமாக இருந்திருப்பேன். யாரோ ஒரு பெண் ஏதோ கேட்டாள். பிறகு சாரின் குரல்: "நல்லவேளை கேட்டம்மா. நான் மாத்திச் சொல்லிட்டேன். இறங்கும்போது தண்ணி, ஏறும்போது உப்பு."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை என் பக்கம் தள்ளினார். திருத்தி எழுதினேன். பாடப்புத்தகத்தைப் புரட்டினேன், அங்கேயும் அப்படியே இருந்தது. திருத்திய பக்கத்தைப் படமெடுத்து வகுப்புக் குழுவிலும் போட்டேன். அங்கே என்னைப் போன்ற புலிகள் பலர் தலைகீழாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

தேர்வில் முதல் பெரிய கேள்வியே அந்தக் குழாய்கள்தான். கேள்வித்தாளைப் பார்த்ததும் அண்ணி திரும்பி என்னைத் தேடினார். நான் பேனாவைத் தூக்கிக் காட்டினேன்.

முடிவு வந்தது. அண்ணி பாஸ். வெறும் பாஸ் இல்லை, என்னைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம். கல்லூரித் தாழ்வாரத்தில் அத்தனை பேர் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பொறாமை கடுகளவும் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிது.

"அடுத்த பேப்பருக்கும் நீயே சுருக்கு," என்றார் அண்ணி, மூச்சு வாங்கியபடி. "சந்தேகப்பட நான் இருக்கேன்."