ஒரே வீட்டில் நாற்பது மெத்தை

எங்கள் விளம்பர ஏஜென்சி மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்பார். அன்று வந்ததும் வராததுமாக, அடுத்த மாதத்திலிருந்து ஆடியோ விளம்பரத்தை நிறுத்தப்போகிறோம் என்று குண்டைப் போட்டார். எங்கள் கிளையன்டான மெத்தைக் கம்பெனிக்கு இனி டிவி மட்டும்தானாம். பாட்டு ஆப்களில் ஆடியோ விளம்பர இடத்தை வாங்கிப் போடுகிறவள் நான். ஆடியோ போனால் என் நாற்காலியும் போகும்.

டிவி என்றால் பழைய கேபிள் இல்லை, இன்டர்நெட்டில் ஓடுவது. யாராவது ஒரு தொடரைப் போட்டதும், நடுவில் வரும் விளம்பர இடம் கண் மூடித் திறப்பதற்குள் ஏலத்துக்கு வரும். ஆயிரம் முறை காட்ட இவ்வளவு என்று எங்கள் கணினி விலை கேட்கும். தொண்ணூற்றேழு சதவீதம் பேர் முழுதாகப் பார்க்கிறார்கள் என்று சதவீதம் மார்தட்டிக்கொள்வார். தள்ளிவிட பட்டனே இல்லாத விளம்பரத்தை முழுதாகப் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

பலனை அளப்பது இப்படி. விளம்பரம் ஓடிய வீட்டின் இன்டர்நெட் முகவரி குறித்துவைக்கப்படும். ஒரு வாரத்துக்குள் அதே முகவரியிலிருந்து யாராவது மெத்தை வாங்கினால், டிவி விற்றுக்கொடுத்ததாகக் கணக்கு. பாட்டும் பேச்சும் கேட்கிறவர்கள் பஸ்ஸில் போகிறார்கள், நடக்கிறார்கள். போன் டேட்டாவில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் என் பக்கம் எப்போதும் முட்டை.

வயிற்றெரிச்சலில்தான் டிவியின் கணக்கைக் குடைந்தேன், பொய் சொல்வானேன். ஒரு முகவரியில் ஒரே வாரத்தில் நாற்பது மெத்தை விற்றிருந்தது. இன்னும் சில முகவரிகளிலும் அதே கூத்து. எந்த வீட்டில் நாற்பது பேர் படுக்கிறார்கள்?

கடையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து, மெத்தைக் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போனேன். சுவரில் பெரிய டிவி. தொடருக்கு நடுவில் எங்கள் விளம்பரம். கீழே விற்பனைக்காரர், ஆன்லைனில் போட்டால் தள்ளுபடி என்று சொல்லி, வந்தவர்களின் போனில் கடை வைஃபையைப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, பிடித்துப்போய் வாங்கியவர்களையெல்லாம் டிவி தன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது.

சதவீதத்திடம் சொன்னேன். கிளையன்ட் சந்தோஷமாக இருக்கிறார், நீ ஏன் கிளறுகிறாய் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறதாம் என்று ஒரு குத்தலும் வைத்தார். சுருக்கென்றது. அன்றிரவு வீட்டுக்காரரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். எனக்கு அது மட்டும் வராது.

மறுநாள் கூட்டத்தில், மெத்தைக் கம்பெனி முதலாளியம்மாவுக்கு முன்னாலேயே போட்டு உடைத்தேன். ஒரே மாதிரி விற்கிற ஊர்களை ஜோடி ஜோடியாகப் பிரிப்போம். ஜோடியில் ஒரு ஊரில் விளம்பரம் ஓடட்டும், இன்னொன்றில் நிறுத்துவோம். டிவிக்குத் தனியாக, ஆடியோவுக்குத் தனியாக. விற்பனையில் என்ன வித்தியாசமோ அதுதான் பலன் என்றேன்.

"ஆடியோவும் தோத்துட்டா?" என்றார் சதவீதம்.

"தோத்தா தோத்துதுன்னு என் வாயாலயே சொல்றேன் சார்."

முதலாளியம்மா ஒரு மாதம் கொடுத்தார்.

முடிவு வந்தது. டிவி ஓடிய ஊர்களில் விற்பனை கொஞ்சம் கூடியிருந்தது. சதவீதம் அளந்ததில் கால்வாசிகூட இல்லை. ஆடியோவில் ஓடின ஊருக்கும் ஓடாத ஊருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். இத்தனை நாள் முகவரியைக் குறை சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இப்போது சதவீதத்தின் குரலில் தேன் ஒழுகியது. டிவியும் சுருங்கி ஆடியோவும் போனால் எங்கள் கமிஷன் என்னாவது? ஆடியோ கேட்டவர்களில் பாதிப் பேருக்கு விளம்பரம் ஞாபகம் இருக்கிறது என்று ஒரு சர்வே கையில் இருந்தது. அதைக் காட்டிவிடு, உன் வேலையும் நிற்கும் என்றார்.

கூட்டத்தில் நான் சர்வேயைக் காட்டவில்லை. ஊர்களின் கணக்கைக் காட்டினேன்.

"அப்ப ஆடியோவை என்னம்மா பண்ணலாம்?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"நிறுத்திடுங்க மேடம். கடை டிவி கணக்கையும் அடியோட எடுத்துடுங்க."

வெளியே வந்ததும் சதவீதம் பல்லைக் கடித்தார். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே."

"என் தலை, என் மண்ணு. உங்களுக்கு என்ன சார் வந்துது?"

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காதில் மாட்டிய பாட்டுக்கு நடுவே எங்கள் மெத்தை விளம்பரம் வந்தது. குரலையும் இசையையும் தேர்ந்தெடுத்தவளே நான்தான். நாளையோடு அது நின்றுவிடும் என்பதால் கழற்றாமல் கடைசிவரை கேட்டேன். நல்ல விளம்பரம். நானும் மெத்தை வாங்கவில்லை.