கமலேஷின் குடோன் எரியவில்லை

கோயம்புத்தூரில் டீ-பேக் காகிதம் செய்யும் ஆலை எரிந்து போனது. அதனால் அரவேணுவில் மயில்சாமியின் டீ-பேக் ஆலையும் நின்றது. அவருடைய மிஷினுக்குப் பொருந்தும் காகிதம் வேறெங்கும் உடனே கிடைப்பதாயில்லை.

இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்திலிருந்து ரஞ்சனி ஊட்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆலைக்குள் நுழையும்போது பேக்கிங் ஹாலை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அங்கே சும்மா உட்கார்ந்திருந்த பெண்களில் அவள் அம்மா ராமாத்தாளும் இருந்தாள்.

“சப்ளையர் எடத்துல தீப்பிடிச்சு நம்ம உற்பத்தி நின்னா நட்டத்தைத் தருவாங்கன்னு நீதானம்மா சொன்னே?” என்றார் மயில்சாமி.

“சொன்னேனுங்க. ஆனா பாலிசியில பேர் இருக்கிற சப்ளையரோட எடத்துல சேதம் ஆகியிருக்கணும். நீங்க காகிதம் வாங்கறது வியாபாரி கமலேஷ்கிட்ட. அவரோட குடோன் விலாசந்தான் அதுல இருக்கு. அந்தக் குடோன்ல ஒரு பொறிகூட விழலீங்க. எரிஞ்சது அவருக்குக் காகிதம் கொடுக்கிற ஆலை. நமக்கு நேரடியாக் கொடுக்கிறவங்களைத் தாண்டி இந்த பாலிசி போகாதுங்க.”

“கமலேஷ் எங்க வாங்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டாலும் சொல்ல மாட்டான். சொன்னா நான் நேரா அங்க போயிருவேன்ல!”

அது உண்மைதான். ரஞ்சனி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “முடிவு இன்சூரன்ஸ் கம்பெனி கையில. தகவல் எழுதி அனுப்பறேன். பதிலை எழுத்துல வாங்கித் தர்றேனுங்க” என்றாள்.

மயில்சாமி நாற்காலியை முன்னால் இழுத்தார். “கமலேஷ்கிட்டப் பேசிட்டேன். எரிஞ்ச ஆலையில ஒரு பகுதி அவனோட குடோன்தான், வாடகைக்கு எடுத்திருந்தான்னு கடிதம் தர்றானாம். நீ எழுதறப்போ அப்படியே எழுது.”

“முடியாதுங்க. சேதத்தைக் கணக்கெடுக்கக் கம்பெனி அனுப்பற சர்வேயர் நேர்ல போய்ப் பார்ப்பாரு. பொய்னு தெரிஞ்சா கிளெய்மே போயிரும், உங்க மத்த பாலிசியையும் ரத்து பண்ணிருவாங்க.”

“உங்கம்மாவும் வெளியில உக்காந்திருக்கா, பாத்தியா?” அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

“பார்த்தேனுங்க” என்று எழுந்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். கம்பெனி மறுத்துவிட்டது. மயில்சாமி தன் பாலிசிகளையெல்லாம் வேறு புரோக்கரிடம் மாற்றிக்கொண்டார். பேக்கிங் பெண்களை, காகிதம் வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். ராமாத்தாள் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனாள். முட்டிவலியால் ஒருகாலத்தில் விட்டுவந்த வேலை அது.

பறிக்கப் போன முதல் நாள் மாலை வீட்டில் ரஞ்சனி அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

“அவரு கேட்ட மாதிரி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?”

“எழுதியிருந்தாலும் கிடைச்சிருக்காதும்மா.”

“கிடைக்காமப் போனா போகுது. நீ எங்களுக்காக எழுதிப் பார்த்தேன்னு இருந்திருக்கும்.” ராமாத்தாள் காலை இழுத்துக்கொண்டாள். “போதும். நானே தேய்ச்சுக்கறேன்.”