மேல்தட்டு இருபது சதவீதம்

மானுட ஏற்றத்தாழ்வு குறித்த இறுதித் தீர்ப்பு, சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, விடைத்தாள் திருத்தும் கூடத்தின் மூன்றாம் மேசையில் வழங்கப்பட்டது.

வழங்கியவர் தலைமைத் தேர்வாளர். முப்பது வருஷமாக, வருமானம் எப்படிப் பங்காகிறது என்று காட்டும் லாரன்ஸ் வளைகோடு வரைந்து வரைந்து, முதுகே அந்த வளைவுக்கு வந்துவிட்டதென்று பின்னால் பேசுவார்கள். அவருடைய கையேடு எட்டுப் பதிப்பு கண்டது. கண்டவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

கேள்வி இதுதான். இரண்டு நாடுகள், இரண்டு வளைகோடுகள், இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வின் அளவான கினி கெழு 0.3. கிடையச்சில் ஏழையிலிருந்து பணக்காரர் வரை மக்கள். செங்குத்து அச்சில் அவர்கள் சேர்ந்து பெறும் வருமானம். இரண்டும் சதவீதத்தில். மேல்தட்டு இருபது சதவீதத்தினர் பெறுவது எவ்வளவு? நாட்டுக்கு இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பு சொன்னது: முதல் நாட்டில் 68, இரண்டாம் நாட்டில் 50.

முதல்முறை திருத்த வந்திருந்த விரிவுரையாளரின் தாள்கட்டுக்குள் ஒரு தாள் மட்டும் 32, 50 என்றது. அந்தப் பிள்ளைக்குத் தேர்ச்சிக்குச் சரியாக இரண்டு மதிப்பெண் குறைவு. சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அவள் எழுந்து தலைமைத் தேர்வாளரிடம் போனாள்.

தலைமைத் தேர்வாளர் தேநீரை வைத்துவிட்டுக் கருணையோடு பார்த்தார். எண்பதுக்கு நேராக முதல் நாட்டின் கோடு 68-ல் நிற்கிறதே, பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்று விளக்கினார். அது கீழே இருக்கும் எண்பது சதவீதத்தினரின் பங்கு, மேலே இருப்பவர்களுக்கு மிச்சம்தான் என்றாள் அவள்.

"எட்டுப் பதிப்புலயும் அறுபத்தெட்டுதாம்மா. அப்போ ஐம்பது மட்டும் எப்படி சரி?"

"இரண்டாவது கோடு எண்பதுல சரியா பாதியில நிக்குது சார். நூறுல கழிச்சாலும் ஐம்பது, கழிக்காட்டியும் ஐம்பது."

பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள். சிரிப்புக்கு அங்கே அந்தப் பெயர்தான்.

"மேல இருபது சதவீதத்துக்கே அறுபத்தெட்டுன்னா, கோடு எண்பதுல முப்பத்திரண்டுக்கு இறங்கணும். அப்படி இறங்கினா கினி குறைஞ்சது 0.48 வந்துடும் சார். கேள்வியில நீங்களே 0.3-னு போட்டிருக்கீங்க."

தன் வேலை நீட்டிப்புக் கடிதம் இவர் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறது என்பது, சொல்லி முடித்த பிறகே அவளுக்கு நினைவு வந்தது. ஆனாலும் கழுத்து நிமிர்ந்தே இருந்தது.

அவர் அளவுகோலை எடுத்தார். எண்பதில் வைத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு எழுந்து, நீண்ட ஆய்வுக்குப் பின் தாம் கண்டறிந்த ஒரு நுட்பத்தைக் கூடத்துக்கு அறிவித்தார்: 68 அல்ல, 32. கைதட்டினார்கள். அவர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். அவள் இருக்கைக்குத் திரும்பி அந்தத் தாளில் இரண்டு மதிப்பெண் போட்டாள். அவ்வளவு அழகான இரண்டை அவள் அதுவரை எழுதியதில்லை.

அவருடைய கையேட்டைப் படித்து எழுதிய மற்ற எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் போயிற்று.